முப்பது நாள் எந்தத் தேதியில் முடிகிறது?

பூச்சி மருந்து அடிக்கும் நிறுவனத்தோடு போட்ட மாத ஒப்பந்தத்தை நிறுத்த நினைக்கும் மளிகைக் கடைக்காரர் பெரும்பாலும் இப்படி எழுதுகிறார்: “கரப்பான் குறையவில்லை, ஆளும் ஒழுங்காக வருவதில்லை. ஆகவே ஒப்பந்தத்தை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.” நியாயமான கோபம்தான். ஆனால் “கேட்டுக்கொள்கிறேன்” என்றதும் அது விண்ணப்பமாகிவிடுகிறது. முடிவெடுக்கும் இடத்தில் நிறுவனம் போய் உட்கார்ந்துகொள்கிறது. “நாளைக்கே ஆள் அனுப்புகிறோம்” என்று பதில் வரும்; அதற்குள் அடுத்த மாத பில்லும் வந்துவிடும்.

ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். “இரு தரப்பில் எவரும் 30 நாள் எழுத்து முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம்” என்று இருந்தால் காரணமே சொல்ல வேண்டியதில்லை. சேவைக் குறைபாட்டைக் காட்டி முடிப்பது வேறு வழி. அதில் குறையை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். சரிசெய்ய அவர்களுக்கு அவகாசம் தரவேண்டும் என்றும் விதி இருக்கலாம். முன்னறிவிப்பு வழியில் போகிறவர் கரப்பான் கதையைக் கடிதத்தில் எழுதாமல் இருப்பதே நல்லது.

கடிதத்தை நடத்திச்செல்லும் வாக்கியம் ஒன்றுதான்: “ஒப்பந்தத்தின் 9ஆம் விதிப்படி 30 நாள் முன்னறிவிப்புத் தந்து, ஜூலை 5ஆம் தேதியோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன்.” விதி எண்ணை உங்கள் தாளில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது? கடிதம் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் என்று விதி சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 5ஆம் தேதி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குகிறீர்கள். கொடுத்த நாளை விட்டுவிட்டு எண்ணுவதே வழக்கம். ஜூன் 6 முதல் 30 வரை 25 நாள், ஜூலையில் 5 நாள். தபாலில் அனுப்பினால் போய்ச் சேரும் நாள் உங்கள் கையில் இல்லை. அதனால் தேதியோடு “அல்லது இக்கடிதம் கிடைத்த 30ஆம் நாள், எது பிந்தியதோ அன்று” என்றும் சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எழுத்து முன்னறிவிப்பாக ஏற்கிறார்களா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும்.

இனி பணம். மாதக் கட்டணம் 930 ரூபாய் என்றால் ஜூனுக்கு முழுத் தொகை. ஜூலைக்கு ஐந்து நாள் மட்டும்: 930ஐ 31ஆல் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 150 ரூபாய். உடைந்த மாதத்துக்கும் முழுக் கட்டணம் என்று ஒப்பந்தம் சொன்னால் அதுதான் செல்லும். முன்னறிவிப்புக் காலத்தில் வரும் சேவையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறீர்கள். தானியங்கிப் பணப்பிடிப்பு இருந்தால் கடைசி பில்லைத் தீர்த்த கையோடு அதை நிறுத்திவிடுங்கள்.

பலர் மறப்பது நிறுவனம் கடையில் வைத்த எலிமருந்துப் பெட்டிகளை. கடைசி வருகையில் எல்லாப் பெட்டிகளையும் எடுத்துச்செல்ல வேண்டும், அடித்த மருந்தின் பெயரும் தேதியும் எழுதிய சேவைச் சீட்டைத் தர வேண்டும் என்று கடிதத்திலேயே கேளுங்கள். எத்தனை பெட்டி, எங்கெங்கே என்று இன்றே எண்ணிக் குறித்துவையுங்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒன்றுகூடத் தங்கிவிடக் கூடாது.