பச்சைக் கோடு தாளைவிட்டு விலகுவது ஏன்?

மேசைமேல் கிடக்கும் ரசீதுக்கு நேராக போனைப் பிடித்ததும், ஒரு பச்சைக் கோடு தாளின் நான்கு மூலைகளையும் கவ்விக்கொள்கிறது. பொத்தானைத் தொடுவதற்குள் படம் விழுந்துவிடுகிறது. ஆவணம் கேட்கும் செயலிகள் பல, போனின் சொந்தக் கேமராவை விட்டுவிட்டு இப்படித் தனித் திரை கட்டிக்கொள்கின்றன. அவற்றுக்கு வேண்டியது அழகான படம் அல்ல, படிக்க முடிகிற எழுத்து.

தாளைக் கண்டுபிடிக்கும் முறை பழையது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, லேசாக மங்கலாக்கி, வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்களைக் கோடாக எடுக்கிறார்கள். ஜான் கேனி 1986இல் வெளியிட்ட இந்த வழிமுறை அவர் பெயராலேயே வழங்குகிறது. கிடைத்த கோடுகளில் நான்கு மூலை கொண்ட பெரிய வடிவமே தாள். வெள்ளை மேசையில் வெள்ளைத் தாளை வைத்தால் வெளிச்சம் மாறுவதில்லை, கோடும் கிடைப்பதில்லை.

மூலைகள் கிடைத்தும் பச்சைக் கோடு தாளைவிட்டு விலகி நிற்பதுண்டு. கூகுளின் கேமராஎக்ஸ் நூலகத்தில், விளிம்பு தேடுவதற்கு வரும் படம் வழக்கமாக 640×480 புள்ளிகள்தான். போனை நிமிர்த்திப் பிடித்தால் அது 480 அகலம், 640 உயரம். திரையோ 1080 அகலம், 2400 உயரம் என்று வைத்துக்கொள்வோம். உயரத்தை நிரப்ப, படம் 3.75 மடங்கு பெரிதாகிறது. அகலம் 1800 ஆகி, பக்கத்துக்கு 360 புள்ளி திரைக்கு வெளியே போய்விடுகிறது. படத்தில் 120ஆம் புள்ளியில் உள்ள மூலையைத் திரையில் 90இல் வரைய வேண்டும். வெட்டுப்பட்டதை மறந்து அகலத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 270 வரும். கோடு 180 புள்ளி தள்ளி விழும்.

ஃபோகஸுக்கும் இந்தக் கணக்கு தேவை. தாளுக்குள் எழுத்துள்ள இடத்தைப் பார்த்து லென்ஸை அங்கே குவியச் சொல்ல வேண்டும். வெறும் வெள்ளை ஓரத்தில் லென்ஸுக்குப் பிடிமானம் இல்லை. முன்னும் பின்னும் தடுமாறும்.

லேமினேட் செய்த அட்டை என்றால் ஃபிளாஷ்தான் எதிரி. பளிச்சென்ற வெள்ளைப் பொட்டு ஒன்று அட்டை எண்ணை மறைத்துவிடும். படம் விழுந்த பிறகுதான் அது தெரியும். அதனால் `enableTorch(true)` என்று டார்ச்சை முன்கூட்டியே எரியவிடுவது நல்லது. பொட்டு திரையிலேயே தெரிவதால், ஆள் போனைக் கொஞ்சம் சாய்த்து அதை எழுத்திலிருந்து விலக்கிக்கொள்வார்.

நான்கு மூலைகளும் அரை நொடியாவது அசையாமல் நின்று, ஃபோகஸும் கூடிய பிறகே பெரிய படம் எடுக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் கை நகர்ந்திருக்கலாம். ஆகவே பழைய மூலைகளை நம்பாமல், பெரிய படத்தில் மறுபடி விளிம்பு தேடி, அதன்படி கோணலை நிமிர்த்துகிறார்கள். ஏ4 தாளானால் நீளம் அகலத்தைப்போல் 1.414 மடங்கு வர வேண்டும். வெகுவாக மாறினால் ஏதோ ஒரு மூலை தவறு.