நீங்கள் அனுப்பாத கோரிக்கை

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஸெல்லரும் எட்வர்ட் ஃபெல்டனும் 2008-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். அதில் இடம்பெற்ற நான்கு இணையதளங்களில் ஒன்று ஐ.என்.ஜி. டைரக்ட் என்ற வங்கியினுடையது. அந்த வங்கியின் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு டேபில் தன் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறார். இன்னொரு டேபில் ஏதோ ஒரு பக்கத்தைப் பார்க்கிறார். அவர் எதையும் கிளிக் செய்யாமலேயே அவர் பணத்தை வேறொருவர் கணக்குக்கு மாற்ற முடியும் என்று இருவரும் காட்டினார்கள். வங்கியிடம் முன்கூட்டியே சொல்லி, ஓட்டை அடைக்கப்பட்ட பிறகுதான் அறிக்கை வெளியே வந்தது.

இந்தத் தாக்குதலில் பாஸ்வேர்டு திருடப்படவில்லை. கணினியில் வைரஸ் நுழையவில்லை. முகவரிப் பட்டையின் பூட்டுச் சின்னம் பூட்டியபடியே இருந்தது. வங்கியின் சர்வருக்கு வந்த ஒவ்வொரு கோரிக்கையும் வாடிக்கையாளரின் சொந்த பிரவுசரிலிருந்தே வந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் மட்டும் வேறொருவர். இதற்குக் கிராஸ் சைட் ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரி என்று பெயர். சுருக்கமாக சி.எஸ்.ஆர்.எஃப்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதற்கு விடை குக்கியில் இருக்கிறது. இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த நொடி இன்னொரு பக்கத்தைக் கேட்பவரும் ஒரே ஆள்தானா என்று சர்வருக்குத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கியதுதான் குக்கி. லாகின் செய்ததும் சர்வர் ஒரு நீண்ட ரகசிய எண்ணை பிரவுசரிடம் கொடுத்துவிடும். அதன் பிறகு அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையோடும் பிரவுசர் அந்த எண்ணைத் தானாகவே இணைத்து அனுப்பும்.

தானாகவே என்பதுதான் வினை. கோரிக்கை எந்தத் தளத்துக்குப் போகிறது என்பதை மட்டுமே பழைய பிரவுசர்கள் பார்த்தன. அது எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது என்பதை அவை பொருட்படுத்தவில்லை. அலுவலகத்தில் முத்திரை குத்தும் உதவியாளர், கடிதத்தை எழுதியது அதிகாரியா, வழியில் போன ஆளா என்று பாராமல், மேசைக்கு வந்த காகிதத்திலெல்லாம் அதிகாரியின் முத்திரையைக் குத்தி அனுப்புவதைப் போன்றது இது.

தாக்குபவர் செய்ய வேண்டிய வேலை மிகச் சிறியது. வங்கித் தளத்தில் தானும் ஒரு கணக்கு வைத்திருந்தால், பணம் அனுப்பும் படிவத்தில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன, அவற்றின் பெயர்கள் என்ன என்று பார்த்துக்கொள்ளலாம். பிறகு தன் தளத்தில், கண்ணுக்குத் தெரியாதபடி அதே போன்ற படிவத்தை வைத்தால் போதும். ஒரு கற்பனை வங்கியை வைத்துப் பார்த்தால் அது இப்படி இருக்கும்:

```html
<form action="https://bank.example/transfer" method="POST">
  <input type="hidden" name="to" value="99887766">
  <input type="hidden" name="amount" value="50000">
</form>
<script>document.forms[0].submit()</script>
```

கடைசி வரி, பக்கம் திறந்த மறுகணமே படிவத்தைத் தானாக அனுப்பிவிடும். அது போய்ச் சேரும் இடம் வங்கி என்பதால் வாடிக்கையாளரின் குக்கியும் கூடவே போகும். சர்வர் குக்கியைப் பார்க்கிறது, லாகின் செய்த ஆள்தான் என்று முடிவு செய்கிறது, பணத்தை அனுப்புகிறது. வங்கி தரும் பதிலைத் தாக்குபவரின் பக்கம் படிக்க முடியாது. ஒரு தளம் இன்னொரு தளத்தின் பதிலைப் படிப்பதை பிரவுசர்கள் வெகுகாலமாகவே தடுத்துவந்திருக்கின்றன. ஆனால் அனுப்புவதைத் தடுக்கவில்லை. பணம் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு பதிலைப் படித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஐ.என்.ஜி. டைரக்டில் வேலை ஒரே கோரிக்கையில் முடியவில்லை. முதலில் வாடிக்கையாளர் பெயரில் ஒரு புதிய செக்கிங் கணக்கு திறக்கப்பட வேண்டும், அதற்குள் அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் வர வேண்டும். அடுத்து, தாக்குபவர் பெயரைப் பணம் பெறுவோர் பட்டியலில் சேர்க்க வேண்டும். கடைசியாகப் பணத்தை அனுப்ப வேண்டும். இடையிடையே "உறுதிதானா?" என்று கேட்கும் பக்கங்களும் வந்தன. அந்த உறுதிப்படுத்தலும் இன்னொரு படிவம்தான், அதில் என்ன நிரப்ப வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான். ஆகவே எல்லாக் கோரிக்கைகளையும் வரிசையாக அனுப்பினால் காரியம் முடிந்துவிடும். படிகளைக் கூட்டுவதால் பாதுகாப்பு கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

அப்படியானால் எது தடுக்கும்? தாக்குபவர் ஊகிக்க முடியாத ஏதாவது ஒன்று படிவத்தில் இருந்தால் தடுக்கும். இதுதான் டோக்கன் முறையின் அடிப்படை. வங்கி தன் படிவத்தை வாடிக்கையாளருக்குக் காட்டும்போதே, அவருடைய லாகினோடு பிணைந்த ஒரு தற்செயல் எழுத்துக்கோவையை மறைவான கட்டமாக அதில் வைத்துவிடும்:

```html
<input type="hidden" name="csrf_token" value="k7QxV2m9TzR4">
```

படிவம் திரும்பி வரும்போது, தான் கொடுத்த அதே கோவை இருக்கிறதா என்று சர்வர் சரிபார்க்கும். இல்லையென்றால் கோரிக்கையை நிராகரித்துவிடும். குக்கியை பிரவுசர் தானாக அனுப்பும், டோக்கனை அப்படி அனுப்பாது. டோக்கன் வங்கியின் பக்கத்துக்குள் இருப்பது. அந்தப் பக்கத்தைத் தாக்குபவரின் தளம் படிக்க முடியாது என்பதை மேலே பார்த்தோம். முன்பு உதவாமல் போன தடுப்பு இங்கே கைகொடுக்கிறது. உண்மையான டோக்கன்கள் இங்கே காட்டியதைவிட நீளமானவை. ஊகித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும்.

ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல் போன்ற மென்பொருள் சட்டகங்கள் இந்தச் சரிபார்ப்பைத் தம்மிடமே வைத்திருக்கின்றன. பொதுமக்களும் இதை அறியாமல் சந்தித்திருக்கக்கூடும். ஒரு விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டுச் சாப்பிடப் போய், வெகுநேரம் கழித்து வந்து பட்டனை அழுத்தினால் சில தளங்கள் `419 Page Expired` என்று காட்டும். லாராவெலில் எழுதப்பட்ட தளம், டோக்கன் காலாவதியாகிவிட்டது என்பதை அப்படிச் சொல்கிறது. எரிச்சலூட்டும் அந்தச் செய்தி, காவல் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

டோக்கன் முறைக்கு ஓர் எல்லை உண்டு. வேறொரு ஓட்டை வழியாகத் தாக்குபவரின் நிரல் அதே தளத்தின் பக்கத்துக்குள் நுழைந்துவிட்டால், அந்தப் பக்கத்திலுள்ள டோக்கனையும் அது படித்துவிடும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் அதுதான் நடந்தது. சாமி காம்கார் என்ற இளைஞர் தன் சுயவிவரப் பக்கத்தில் ஒரு நிரலை ஒளித்துவைத்தார். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் தங்களை அறியாமலே அவருக்கு நட்புக் கோரிக்கை அனுப்பினார்கள், அவர்களுடைய பக்கங்களிலும் அந்த நிரல் ஒட்டிக்கொண்டது. நட்புக் கோரிக்கைக்கு மைஸ்பேஸ் ஒரு டோக்கனைக் கேட்கத்தான் செய்தது. நிரல் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து, டோக்கனை எடுத்து, அதோடு கோரிக்கையை அனுப்பியது. ஒரே நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து கோரிக்கைகள் குவிந்தன.

டோக்கனுக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது. ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு படிவத்திலும் மறக்காமல் அதை வைக்க வேண்டும், ஒன்றை மறந்தாலும் அந்த வழி திறந்தே கிடக்கும். ஆகவே சிக்கலை அதன் வேரிலேயே, பிரவுசரிலேயே தீர்க்கும் முயற்சி நடந்தது. அதன் விளைவுதான் சேம்சைட் குக்கி. குரோம் பிரவுசர் 2016-இல் இதை ஏற்றது. குக்கியைக் கொடுக்கும்போதே, அதை எப்போது திருப்பி அனுப்பலாம் என்று சர்வர் சொல்லிவிடலாம்:

```
Set-Cookie: session=8fA2c1; Secure; HttpOnly; SameSite=Lax
```

`Strict` என்று சொன்னால், வேறு தளத்திலிருந்து கிளம்பிய எந்தக் கோரிக்கையோடும் குக்கி போகாது. மிகவும் கறாரானது. மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தட்டித் தளத்துக்குள் போனால்கூட, லாகின் செய்யாதவர் போலவே முதலில் நிற்க வேண்டியிருக்கும். அதனால் பலரும் `Lax` என்பதைத் தேர்வு செய்கிறார்கள். இணைப்பைத் தட்டி முழுப் பக்கமாக ஒரு தளத்துக்குப் போகும்போது குக்கி போகும். வேறு தளத்தின் படிவமோ, அங்கே பதித்த படமோ அனுப்பும் கோரிக்கையோடு போகாது. மேலே பார்த்த கள்ளப் படிவம் இப்போது வங்கிக்குப் போனாலும் குக்கியில்லாமல் போகும், வங்கி லாகின் பக்கத்தைக் காட்டும்.

மூன்றாவது `None`. பழைய வழக்கப்படி எல்லாவற்றோடும் அனுப்பு என்று அதற்குப் பொருள்.

சர்வர் எதுவுமே சொல்லாவிட்டால் `Lax` என்றே எடுத்துக்கொள்வது என்று குரோம் 2020 பிப்ரவரியில் முடிவெடுத்தது. கொரோனா காலத்தில் அத்தியாவசியத் தளங்கள் தடுமாறக்கூடாது என்று ஏப்ரலில் நிறுத்திவைத்து, ஜூலையில் மீண்டும் தொடங்கியது. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. பொருள் வாங்கும் தளத்திலிருந்து வங்கிப் பக்கத்துக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டுத் திரும்பும்போது, பல இடங்களில் வங்கிப் பக்கம் ஒரு படிவத்தின் மூலமே கடைக்குத் திருப்பி அனுப்பும். அந்தப் படிவம் வேறு தளத்திலிருந்து வருவதால் கடையின் குக்கி கூட வராது. பணம் கட்டியவரையே யாரென்று கேட்கும் நிலை. இத்தகைய சிக்கல்களைத் தணிக்க, வகை குறிப்பிடாத குக்கி கிடைத்த முதல் 2 நிமிடங்களுக்கு, முழுப் பக்கத்தையும் மாற்றும் படிவங்களோடு அது போகலாம் என்று குரோம் விலக்கு அளித்தது. அந்த 2 நிமிடம் தாக்குபவருக்கும் திறந்த ஜன்னல்தான். அதனால் தளத்தை எழுதுபவர்கள் இயல்புநிலையை நம்பாமல் வகையை வெளிப்படையாகவே எழுதுவது நல்லது.

`Lax` தடுக்க முடியாதவை வேறும் உண்டு. ஒரு தளத்தில் வெறும் இணைப்பைத் தட்டினாலே கணக்கு அழியும், முகவரி மாறும் என்று எழுதியிருந்தால், அந்த இணைப்போடு குக்கி போய்விடும், வேலையும் நடந்துவிடும். ஒரே நிறுவனத்தின் `shop.example.com`, `blog.example.com` இரண்டும் பிரவுசர் கணக்கில் ஒரே தளம். வலைப்பதிவுப் பக்கம் தாக்குபவர் கைக்குப் போனால், கடைப் பக்கத்தை சேம்சைட் காப்பாற்றாது. டோக்கனும் சேம்சைட்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பதற்கில்லை, இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்வது இதனால்தான்.

பணம் அனுப்பும்போது போனுக்கு வரும் ஓ.டி.பி.யும் இந்தத் தாக்குதலைத் தடுக்கும், அந்த எண் தாக்குபவரின் பக்கத்துக்குத் தெரியாதே. ஆனால் மின்னஞ்சல் முகவரியை மாற்றுவது, பாஸ்வேர்டு மீட்பு எண்ணை மாற்றுவது போன்றவற்றுக்கு எல்லாத் தளங்களும் ஓ.டி.பி. கேட்பதில்லை. முகவரியை மாற்றிவிட்டு, "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்ற பட்டனை அழுத்தினால் கணக்கே கைமாறிவிடும்.

பயன்படுத்துபவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: வங்கி வேலை முடிந்ததும் டேபை மூடினால் போதாது, லாக் அவுட் செய்ய வேண்டும், பிரவுசரைப் புதுப்பித்தபடி இருக்க வேண்டும். பெரும் பொறுப்பு தளம் நடத்துபவர்களுடையது. அவர்கள் சோதித்துப் பார்ப்பது எளிது. தங்கள் சொந்தத் தளத்தில் லாகின் செய்து, பிரவுசரின் டெவலப்பர் கருவியில் படிவத்தின் டோக்கன் கட்டத்தை நீக்கிவிட்டு அனுப்பிப் பார்க்கலாம். பிறகு அந்தக் கட்டம் இருக்க, அதன் மதிப்பை மட்டும் காலியாக்கி அனுப்பிப் பார்க்கலாம். இரண்டு முறையும் சர்வர் மறுக்க வேண்டும். ஒரு முறை ஏற்றுக்கொண்டாலும், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள்.