பதினாறாம் படுக்கை காலி

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை ஒன்றின் ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு என்று வைத்துக்கொள்வோம். காலில் சர்க்கரைப் புண்ணோடு சேர்ந்தவருக்கு வயது 58. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று காலை ரவுண்ட்ஸில் டாக்டர்கள் பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. துணைக்கு இருந்த மகன் மாலையில் ஊருக்குப் போய்விட்டான். இரவு 9.15-க்கு மருந்து கொடுக்க வந்த நர்ஸ் பார்த்தால், பதினாறாம் படுக்கையில் ஆள் இல்லை.

டீ குடிக்கப் போயிருப்பார் என்று விட்டுவிட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். கழிப்பறைதான் முதலில். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும். மயங்கி விழுந்து கிடப்பவர்கள் உண்டு. பிறகு வராந்தா, மாடிப்படி, எக்ஸ்ரே அறை, வளாகத்துப் பிள்ளையார் கோயில், வாசல் டீக்கடை. இதற்கு வார்டு உதவியாளரும் காவலாளியும் போக வேண்டும். நர்ஸ் கிளம்பிவிட்டால் மீதி நோயாளிகளைப் பார்க்க ஆள் கிடையாது.

அதற்குள் அவர் படுக்கையைப் பார்த்துவிடலாம். செருப்பு, பை, போன் மூன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் யோசித்துக் கிளம்பியவர். செருப்பும் சட்டையும் அங்கேயே கிடந்தால் கவலை வேறு. காய்ச்சல் வேகத்திலோ, உப்புச்சத்து குறைந்தோ, குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாள் குழப்பத்திலோ எழுந்து நடந்திருக்கலாம். அப்படிப்பட்டவரை பஸ் ஸ்டாண்டில் தேடுவதற்கு முன் மொட்டை மாடியில் தேட வேண்டும்.

நம் ஆளின் பையும் செருப்பும் இல்லை. ஆனால் இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே இருக்கிறது. கேஸ் ஷீட்டைப் புரட்டினால், இரவு 7.30-க்கு இன்சுலின் போட்டதாகக் குறிப்பு. இங்கேதான் விஷயம் மாறுகிறது. சாப்பாட்டுக்கு முன் போடும் சாதாரண இன்சுலின் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். சாப்பிடாமல் நடப்பவருக்கு ஒன்பதரைக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சர்க்கரை இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று ஒதுங்கிப் போவார்கள். கையில் வேறு வென்ஃப்ளான் ஊசி அப்படியே இருக்கிறது.

ஆகவே டியூட்டி டாக்டருக்கும், அவர் வழியாக நிலைய மருத்துவ அலுவலருக்கும், வளாகத்துப் புறக்காவல் நிலையத்துக்கும் சொல்லும்போது பெயர், வயதோடு நிறுத்தக் கூடாது. நீலக் கட்டம் போட்ட கைலி, வலது காலில் கட்டு, இடது கையில் ஊசி, சர்க்கரை இறங்கினால் குடித்தவர் போலத் தெரிவார், நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து 108-ஐ அழையுங்கள்: இவ்வளவும் போக வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் இதைத் தள்ளிப்போடுவது தவறு என்பது என் கட்சி.

குடும்பத்தைப் பிடிப்பது சுலபமில்லை. அட்மிஷன் சீட்டில் இருக்கும் எண் பல சமயம் நோயாளியின் சொந்த எண், அது அணைந்திருக்கும். மகனின் எண் பக்கத்துப் படுக்கைக்காரரிடம்தான் கிடைக்கிறது. “தம்பி, அப்பா அங்க வந்தாரா? வார்டுல காணோம். எந்த பஸ்ல ஊருக்கு வருவார்?” என்று கேட்டால் பையன் யோசித்துப் பதில் சொல்வான். “உங்கப்பா ஓடிட்டார்” என்று ஆரம்பித்தால் சண்டைதான். எடுப்பவர் அக்கம்பக்கத்து ஆளென்றால் நோய் விவரம் பேசக் கூடாது. மகனைக் கூப்பிடச் சொன்னால் போதும். எந்த எண்ணுக்கு எப்போது அடித்தோம், யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும்.

அதைவிடச் சிக்கலானது ‘கடைசியாகப் பார்த்த நேரம்’. போர்வை மேடாக இருந்ததைப் பார்த்துவிட்டு ஆள் இருந்ததாக எழுதுவது நடக்கிறது. ஒன்பது மணிக்கு பி.பி. பார்த்ததாகச் சார்ட்டில் இருக்கும். வாசல் கேமராவில் அவர் 8.20-க்கே வெளியேறியிருப்பார். பயந்து போட்ட அந்த ஒரு வரி தேடலை நாற்பது நிமிடம் தவறான இடத்தில் சுற்ற வைக்கும். “7.30-க்கு இன்சுலின் போடும்போது பேசினார், 9.15-க்குப் படுக்கையில் இல்லை” என்று கண்டதை மட்டும் எழுதுவதே பாதுகாப்பு, நர்ஸுக்கும்.

மகன் சொன்ன வழித்தடத்தை வைத்து, 10.40-க்கு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தவரைப் புறக்காவல் நிலையப் போலீஸ்காரர் கண்டுபிடிக்கிறார். சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் பேச்சு தெளிகிறது. தெளிந்த மனதோடு “நான் வரல” என்று சொல்லும் வயதுவந்தவரை இழுத்துவர யாருக்கும் உரிமையில்லை. வந்து ஊசியை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், புண்ணை விட்டால் என்ன ஆகும் என்று சொல்லலாம். அப்புறமும் போகிறேன் என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மாத்திரையும் மறுபடி வர வேண்டிய தேதியும் கொடுத்தனுப்ப வேண்டியதுதான். குழப்பத்தில் இருப்பவரானால் கதை வேறு. அவரைத் திரும்ப அழைத்துவந்தே தீர வேண்டும்.

இவர் வந்துவிட்டார். விரலை எடுப்பதைப் பற்றி மகன் முன்னால் உட்காரவைத்து விளக்குவதாக டாக்டர் சொன்னதுதான் காரணம். நர்ஸுக்கு இன்னும் வேலை மிச்சம்: திரும்பிய நேரத்தையும் அப்போதைய சர்க்கரை அளவையும் எழுதி, தகவல் சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் ஆள் கிடைத்துவிட்டார் என்று மறுபடி அடிக்க வேண்டும்.