மதியச் சாப்பாடு மட்டும் ஏன் தொந்தரவு செய்யவில்லை?

"வணக்கம் டாக்டர். இரண்டு வாரமாகச் சாப்பிட்டதும் வயிறு கும்மென்று ஊதிக்கொள்கிறது. உள்ளே கடமுடவென்று சத்தம். காலை 8 மணிக்கு இட்லி சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஓட வேண்டியிருக்கிறது. தண்ணீராக, நுரையோடு போகிறது. இட்லியை நிறுத்திவிட்டு உப்புமா சாப்பிட்டேன், அப்போதும் அப்படித்தான். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டாலும் இதே பாடு. மதியம் சாம்பார், ரசம், தயிர்சாதம் என்று முழுச் சாப்பாடு சாப்பிடுகிறேன். அப்போது ஒன்றும் செய்வதில்லை. இது தொடங்குவதற்கு முன்பு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்து மூன்று நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தேன். அது தானாகச் சரியாகிவிட்டது. தூக்கத்தில் எழுந்து போவதில்லை. ரத்தமோ சீதமோ இல்லை. காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஒரு பெரிய டம்ளர் காபி குடிப்பேன், அது இருபது வருடப் பழக்கம்."

46 வயது ஆசிரியை ஒருவர் தம் குடும்ப டாக்டருக்கு இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதைவிட நல்ல கடிதம் ஒரு டாக்டருக்குக் கிடைப்பது அரிது. நோயின் பெயரை அவர் ஊகிக்கவே இல்லை. எப்போது, எதற்குப் பிறகு, என்ன இல்லை என்பதை மட்டும் எழுதியிருக்கிறார். விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் இட்லியை விடுவித்துவிடலாம். சாப்பிட்டுச் சில நிமிடங்களில் வெளியேறுவது அப்போது சாப்பிட்ட உணவு அல்ல. இரைப்பை நிரம்பத் தொடங்கியதும் பெருங்குடலுக்கு ஒரு சமிக்ஞை போகிறது. அது சுருங்கி, ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் கீழே தள்ளுகிறது. எல்லோருக்கும் இயல்பாக நடப்பதுதான் இது. சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலை எட்டவே ஒரு பானத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஆக, 8 மணிக்கு ஓடவைத்தது எது என்று கேட்டால், 6 மணிக்கு உள்ளே போனதைத்தான் பார்க்க வேண்டும். காலையில் காபி, மாலையிலும் காபி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் காபி இல்லை.

காபியில் சந்தேகத்துக்குரியது பால்; பாலில், அதன் சர்க்கரையான லாக்டோஸ். 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. அதை இரண்டாக வெட்டினால்தான் குடல் உறிஞ்சிக்கொள்ள முடியும். வெட்டுகிற நொதியின் பெயர் லாக்டேஸ். சிறுகுடலின் உட்சுவர் பூத்துவாலையின் இழைகளைப் போல நுண்ணிய விரல்களால் நிறைந்தது. குடலுறிஞ்சிகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். லாக்டேஸ் இருப்பது அந்த விரல்களின் மேற்பகுதியில் உள்ள முதிர்ந்த செல்களின் விளிம்பில். கிருமி தாக்கும்போது முதலில் அடிபடுவதும் அந்தப் பகுதிதான்.

மூன்று நாள் பேதி நின்றவுடன் குடல் ஆறிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். புதிய செல்கள் விரலின் அடிவாரத்தில் பிறந்து, சில நாட்களில் மேலே ஏறிவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் சேதமடைந்த விரல்கள் பழைய உயரத்துக்கு வளர்ந்து, செல்கள் முதிர்ந்து நொதியைப் போதுமான அளவு தயாரிக்க வாரக்கணக்கில் ஆகலாம். செரிமான நொதிகளில் கடைசியாகத் தேறி வருவது பெரும்பாலும் லாக்டேஸ்தான்.

இருபது வருடம் ஒத்துக்கொண்ட காபி இப்போது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. தென்னிந்தியரில் பெரும்பாலானோருக்குக் குழந்தைப் பருவம் கடந்ததும் லாக்டேஸ் சுரப்பு குறைந்துவிடுகிறது. அது நோயல்ல, உலக மக்களில் பெரும்பான்மையோரின் உடல் இயல்பு. மிச்சமிருக்கும் கொஞ்சம் நொதியை வைத்துக்கொண்டே ஒரு டம்ளர் காபியைச் சமாளித்துவிடுகிறார்கள். தொற்று அந்தக் கையிருப்பையும் கரைத்துவிட்டது.

வெட்டப்படாத லாக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் மலம் நீர்த்துப் போகிறது. பெருங்குடலை எட்டியதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து ஹைட்ரஜன், கரியமில வாயு முதலியவற்றை உண்டாக்குகின்றன. உப்புசமும், சத்தமும், நுரையும் அந்த வாயுவின் வேலை. ஹைட்ரஜனில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவரும். அதை அளந்தே இந்தக் குறையை உறுதிசெய்ய ஒரு பரிசோதனை இருக்கிறது: லாக்டோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, சில மணி நேரம் மூச்சுக்காற்றைச் சோதிப்பார்கள்.

தயிரிலும் லாக்டோஸ் உண்டே என்று கேட்கலாம். உறையும்போது அதில் ஒரு பகுதியைத்தான் பாக்டீரியாக்கள் தின்கின்றன, கணிசமாக மிச்சமிருக்கும். ஆனால் லாக்டோஸை வெட்டும் நொதி அந்தப் பாக்டீரியாக்களிடமே இருக்கிறது. அவை நம் சிறுகுடலுக்குள் போய், நம் நொதி செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடுகின்றன. சோற்றோடு பிசைந்து சாப்பிடும்போது இரைப்பையிலிருந்து மெதுவாகவும் இறங்குகிறது. ஆசிரியையின் மதிய வேளை அமைதியாகக் கழிவது இதனால்தான்.

கடிதத்தில் 'இல்லை' என்று வரும் வரிகளுக்கு எடை அதிகம். பால் சர்க்கரையால் வரும் போக்கு, அந்தச் சர்க்கரை குடலில் இருக்கும்வரைதான். வயிறு காலியாக இருக்கும் நடுஇரவில் அது அடங்கிவிடும். தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி வேறு வகை: குடல் அழற்சி போன்றவை உணவுக்காகக் காத்திருப்பதில்லை. ரத்தம், காய்ச்சல், எடை குறைவு, நாக்கு வறண்டு சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் நேரில் போய்விட வேண்டும்.

எழுதாமல் விட்டதும் ஒன்று உண்டு. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கட்டாயம் கேட்பார். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும், மக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்துகளும் இதே போல இளக்கமாகப் போகவைக்கும்.

பதில் எளிதாகத்தான் இருக்கும். இரண்டு வாரத்துக்குப் பால், பால்கோவா, பாயசம், ஐஸ்கிரீம், பால் பவுடர் கலந்த சத்துமாவு வேண்டாம். தயிரும் மோரும் தாராளமாக. நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லாததால் தடையில்லை. காரணம் பால்தான் என்றால் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் நிறுத்தியதும் சரியானது பாதி நிரூபணம்தான். எந்தப் பேதியும் நாளாக ஆகத் தானே குறையக்கூடும். அதனால் இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில், வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் குடித்துப் பார்க்க வேண்டும். உப்புசம் திரும்பி வந்தால் விடை உறுதி. வராவிட்டால் குடல் தேறிவிட்டது, அல்லது காரணம் முதலிலிருந்தே வேறு.

ஏமாற்றக்கூடியது ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி. அசுத்தமான தண்ணீர் வழியாக வந்து, அதே விரல்களின் மேல் ஒட்டிக்கொண்டு லாக்டேஸையும் குறைத்துவிடும். பாலை நிறுத்தினால் கொஞ்சம் குறையும், முழுதாக நிற்காது. எண்ணெய்ப் பிசுக்கும் கடும் நாற்றமும் இருந்தால் சந்தேகம் கூடும். மலத்தில் அதன் உறைகள் தினமும் வெளிவருவதில்லை. ஒரு நாள் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கேட்பது அதனால்தான். மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் பேதி மாத்திரை இந்த இடத்தில்தான் கெடுக்கிறது: பால் குறைக்கு அதனால் பயனில்லை, ஜியார்டியாவோ அரைகுறை மருந்தில் மறைந்து நின்று மறுபடி வரும்.

14 நாளைத் தாண்டிய பேதியை நீடித்த பேதி என்றும், நான்கு வாரத்தைத் தாண்டினால் நாட்பட்டது என்றும் மருத்துவம் பிரிக்கிறது. ஆசிரியை முதல் கோட்டில் நிற்கிறார். பாலை விட்டும் இரண்டாவது கோட்டைத் தொட்டால் டாக்டர் தைராய்டு, ரத்தசோகை, கோதுமையால் தூண்டப்படும் குடல் நோய் ஆகியவற்றுக்கு ரத்தம் எடுக்கச் சொல்வார். தொடாவிட்டால் அரை டம்ளர் காபியில் தொடங்கி, வாரம் ஒருமுறை கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகலாம்.