தயக்கம் ஒரு குறி, அவசரம் இன்னொரு குறி

வரன் பேசும் வீடுகளில் ஜாதகம், சம்பளம், குலதெய்வம், சொந்த வீட்டின் மீதுள்ள கடன் வரை விசாரித்து விடுவார்கள். பையனுக்கோ பெண்ணுக்கோ வேறு ஒருவரோடு உறவு இருக்கிறதா என்பதை மட்டும் நேராகக் கேட்கமாட்டார்கள். தெருமுனைக் கடையிலும் அலுவலகத்திலும் மறைமுகமாகத் துருவுவதோடு சரி.

இப்படி உறவில் இருப்பவர்கள் இரண்டு வகை. வீட்டாரின் வற்புறுத்தலால் மட்டுமே பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருப்பவர் ஒரு வகை. உறவையோ திருமணத்தையோ மறைத்துவிட்டு இன்னொன்றுக்கு வருபவர் மற்றொரு வகை. இருவரும் நடந்துகொள்ளும் விதம் நேர் எதிரானது.

முதல் வகையினரிடம் தயக்கம் தெரியும். குறுஞ்செய்திக்கு ஒற்றைச் சொல்லில், அதுவும் மறுநாள் பதில் வரும். எதிர்காலம் பற்றிய பேச்சு வந்தால் "அப்பா என்ன சொல்றாரோ" என்று நழுவுவார்கள். "என்னைப் பிடிக்கலைன்னா தாராளமா சொல்லிடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தன்னால் சொல்ல முடியாத மறுப்பை எதிராளி சொல்லிவிடட்டும் என்ற தவிப்பு அது. கூச்ச சுபாவமும், இரவுப் பணியும்கூட இதே தோற்றத்தைத் தரும் என்பதால் ஒரே ஒரு குறியை வைத்து முடிவுகட்டக் கூடாது.

ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பெண் போனில் பேசும்போதெல்லாம் பக்கத்தில் அம்மா இருக்கிறார். தனியாகப் பேச நேரம் கேட்டால் வீட்டார் தட்டிக்கழிக்கிறார்கள். பையன் செய்யவேண்டியது, இரு வீட்டாரின் சம்மதத்தோடு கோயிலிலோ உணவகத்திலோ அரைமணி நேரம் தனியாகச் சந்திப்பது. அங்கே "யாரையாவது லவ் பண்றீங்களா?" என்று எடுத்ததுமே கேட்டால் பயந்துபோய் இல்லை என்பார். "உங்க வீட்டுக்குச் சம்மதம்னு தெரியும். உங்களுக்குச் சம்மதமா? இல்லைன்னா நானே நிறுத்திடறேன், உங்க பேரு வெளிய வராது" என்று கேட்டால் உண்மை வெளிவர வாய்ப்பு உண்டு.

கொடுத்த அந்த வாக்கைக் காப்பாற்றுவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2016-இல் உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணந்துகொண்ட சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மனைவி கௌசல்யாவும் தாக்கப்பட்டார். பெண்ணின் காதலை அவர் வீட்டில் போட்டு உடைப்பது நேர்மை ஆகாது; அவரை ஆபத்தில் தள்ளிவிடும். "எனக்கு இப்போது கல்யாணத்தில் விருப்பமில்லை" என்று பையன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு விலகலாம். வீட்டில் அடைத்துவைத்து வற்புறுத்தினால் அந்தப் பெண் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். இந்த எண்ணை அவரிடம் சொல்லிவிட்டு வருவது பெரிய உதவி.

இரண்டாம் வகையினரிடம் தெரிவது அவசரம். வெளிநாட்டு வரன்களில் இது அதிகக் கவனம் கேட்கும். "மூணு வாரம்தான் லீவு, அதுக்குள்ள முடிச்சிடணும்" என்பார்கள். குறிப்பிட்ட சில மணி நேரத்தில் மட்டும் அழைப்பு வரும். வார இறுதியில் தொடர்பே இருக்காது. தங்கியிருக்கும் வீட்டை வீடியோவில் காட்டமாட்டார்கள். உடன் வேலை பார்க்கும் ஒருவரிடம்கூடப் பேசவிடமாட்டார்கள்.

இங்கே மென்மையான கேள்வி பயன்படாது, காகிதம் கேட்கவேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் வாழ்க்கைத் துணையின் பெயருக்கு இடம் உண்டு. ஆனால், மணவிலக்குப் பெற்றவர்களும் பிரிந்து வாழ்பவர்களும் அந்தப் பெயரைத் தரவேண்டியதில்லை என்று 2016 டிசம்பரில் விதி தளர்த்தப்பட்டது. எனவே பெயர் இருந்தால் அது தகவல். காலியாக இருந்தால் அது ஆதாரம் ஆகாது. "டைவர்ஸ் ஆகிடுச்சு" என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அவர் இன்னும் மணமானவர்தான். காகிதம் கேட்டதும் "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொள்பவரோடு, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்தாலும் பேச்சை நிறுத்திவிடுவதே சரி.

திருமணத்துக்குப் பின் தெரியவந்தால்? இந்து திருமணச் சட்டப்படி, கணவனோ மனைவியோ உயிரோடு, மணவிலக்கு ஆகாமல் இருக்கையில் நடந்த இரண்டாம் திருமணம் செல்லாது. முதல் திருமணத்தை மறைத்து மணந்தவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவின்கீழ் 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பழைய காதலை மட்டும் மறைத்திருந்தால் அவ்வளவு எளிதல்ல. முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றியதாக நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டும். உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் மனு செய்யவேண்டும். தெரிந்த பிறகும் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே தெரிந்தவுடன் வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் கொடுக்க வழியில்லாத பெண்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு.