பாலிஷ் தவிடு மலிவுதான்... அளவு மீறினா பால்ல கொழுப்பு குறையும்!

ஸ்ரீபெரும்புதூர்-

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மேய்ச்சல் நிலமெல்லாம் கம்பெனியாகி விட்டதால், மாடு வைத்திருப்பவர்கள் கடைத் தீவனத்தையே நம்பி இருக்கிறார்கள். பாலிஷ் தவிடு, 'டி.டி.ஜி.எஸ்.' எனும் சாராய ஆலை தானியச் சக்கை, தேங்காய் புண்ணாக்கு மூன்றும் செலவைக் குறைக்கும்.

மலிவா கிடைக்குதேன்னு அள்ளிக் கொட்டக்கூடாது. மூன்றிலும் எண்ணெய் உண்டு. அது கூடினால் வைக்கோல் சரியாகச் செரிக்காது. சாணம் இளகும், பாலில் கொழுப்பு குறையும். அப்புறம் சொசைட்டியில் விலை எப்படி கிடைக்கும்?

10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு தினம் 5 கிலோ கலப்புத் தீவனம் என்றால், மூன்றும் தலா 1 கிலோ, மீதி 2 கிலோ மக்காச்சோள மாவு. மூன்றிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால் 50 கிராம் தாது உப்பு கட்டாயம்.

சிக்கு வாடை அடிக்கும் தவிட்டை வாங்காதீங்க. பூசணம் பிடித்த சக்கையைக் காயவைத்தாலும் நஞ்சு போகாது, பாலிலும் இறங்கும்.