விசாவுக்கு ஒரு கடிதம், வங்கிக்கு வேறொன்று

ஜெர்மனிக்குச் சுற்றுலா விசா கேட்கும் சென்னை ஊழியரின் கோப்பைப் பார்க்கும் அதிகாரி முக்கியமாகத் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: இவர் விசா முடிவதற்குள் ஊர் திரும்புவாரா? ஷெங்கன் விசாவை மறுக்கும்போது தரும் படிவத்தில் இந்தச் சந்தேகம் ஒரு தனிக் காரணமாகவே அச்சாகியிருக்கும். திரும்பி வந்தாக வேண்டிய வேலை இங்கே காத்திருக்கிறது என்று சொல்வதுதான் எச்.ஆர். தரும் பணிச்சான்றுக் கடிதத்தின் வேலை. பலரோ அலுவலக இணையதளத்தில் பட்டனை அழுத்தினால் வரும் பொதுக் கடிதத்தை அப்படியே இணைத்துவிடுகிறார்கள். 'இவர் எங்களிடம் பணிபுரிகிறார்' என்பதற்கு மேல் அதில் பெரும்பாலும் எதுவும் இருக்காது.

அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் கவிதா மே 10 அன்று புறப்பட்டு 22 அன்று திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முதல் தடங்கல் பெயரிலேயே வரும். அலுவலகப் பதிவில் அவர் 'கவிதா ஆர்.', பாஸ்போர்ட்டில் 'கவிதா ராமசாமி'. நமக்கு இனிஷியல் இயல்பான விஷயம். வெளிநாட்டு அதிகாரிக்கு இவை இரண்டு வேறு பெயர்களாகத் தோன்றலாம். எனவே கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுதி, பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்து, 'எங்கள் பதிவேடுகளில் கவிதா ஆர்.' என்று அடைப்புக்குறிக்குள் போடச் சொல்ல வேண்டும். அப்போதுதான் சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒருவருடையவையே என்பது விளங்கும்.

அடுத்தது தேதி. விடுப்பு மே 20 வரை என்று கடிதமும், பயணம் 22 வரை என்று விமான முன்பதிவும் சொன்னால், இரண்டில் ஒன்று தவறு என்றாகிவிடும். ஆகவே முதலில் மேலாளரிடம் விடுப்பை ஒப்புதல் வாங்கிக்கொண்டு பிறகு எச்.ஆரிடம் போவதே சரியான வரிசை. பணியில் சேர்ந்த நாள், பதவி, சம்பளம், விடுப்பு எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்த நாளில் வேலைக்குத் திரும்புவார் என்பதெல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் லெட்டர்ஹெட், தேதி, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி எண் ஆகியவையும் தேவை. வெறும் கிறுக்கல் கையெழுத்தோடு வரும் கடிதத்தை யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பது?

இதையெல்லாம் எச்.ஆரே யோசித்து எழுதிவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் மேசையில் இதுபோல் இன்னும் பல வேண்டுகோள்கள் இருக்கும். கடிதத்தின் வரைவை நீங்களே எழுதி, பாஸ்போர்ட் நகல், பணியாளர் எண், விடுப்பு ஒப்புதல், எந்தத் தூதரகத்துக்கு என்ற விவரம், எந்த நாளுக்குள் வேண்டும் என்பது எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினால் வேலை சீக்கிரம் முடியும். ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்பு கொடுத்தாக வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சில வேளை 45 நாள் வரை நீளும். கவிதா கோடை விடுமுறைக் கூட்டத்தையும் கணக்கில் கொண்டு மார்ச்சிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அதே கடிதத்தை வீட்டுக்கடனுக்கு வங்கியில் நீட்டினால் போதாது. வங்கிக்கு விடுப்பு பற்றிக் கவலையில்லை. மாதத் தவணை கட்டக் கையில் என்ன வருகிறது, பணி நிரந்தரமானதா என்பதே கேள்வி. இங்கே வழக்கமாகச் சறுக்குவது சம்பளத் தொகை. கவிதாவின் ஆண்டு சி.டி.சி. 9 லட்சம் என்றால் மாதம் 75,000 என்று தோன்றும். ஆனால் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டிக்கான ஒதுக்கீடும் பெரும்பாலும் அதற்குள் அடக்கம். அவற்றையும் அவருடைய சொந்த பி.எஃப். பிடித்தத்தையும் கழித்தால் கணக்கில் விழுவது 69,000 அளவில்தான் இருக்கும். கடிதத்தில் சி.டி.சி. மட்டும் இருந்தால், வங்கி அறிக்கையோடு ஒப்பிடுபவர் விளக்கம் கேட்பார், கோப்பு அங்கேயே நிற்கும். மொத்தச் சம்பளம், பிடித்தம், கையில் வருவது மூன்றையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

வங்கியோ அதன் சார்பில் விசாரிப்பவர்களோ அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்வதும் உண்டு. வரவேற்பில் இருப்பவர் 'அப்படி யாரும் இங்கே இல்லையே' என்று சொல்லிவிட்டால் நல்ல கடிதமும் சந்தேகத்துக்குள்ளாகிவிடும். இந்த மாதம் விசாரணை வரும் என்று எச்.ஆரிடமும் வரவேற்பிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் எச்.ஆர். சம்மதிக்க மாட்டார். 'இவர் கட்டாயம் திரும்புவார்', 'கடனை அடைப்பார்' என்று நிறுவனம் பொறுப்பேற்று எழுதத் தயங்குவது நியாயமே. அந்த வரிகளை வரைவில் சேர்க்காதீர்கள். ராஜினாமா கொடுத்து நோட்டீஸ் காலத்தில் இருப்பவர் அதை மறைத்து எழுதச் சொல்லவும் கூடாது. ஒரு தொலைபேசி அழைப்பில் அது வெளிப்பட்டுவிடும். தவறான தகவல் என்று பதிவானால் அடுத்த விண்ணப்பத்தையும் அது பாதிக்கும். கடிதம் கிடைக்கத் தாமதமானால் சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, பணி நியமன ஆணை, மாதந்தோறும் நிறுவனம் செலுத்திய தொகையைக் காட்டும் பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, கடிதத்துக்குப் பதில் இவற்றை ஏற்பார்களா என்று விண்ணப்ப மையத்திலோ வங்கிக் கிளையிலோ முதலிலேயே கேட்டுவிடுங்கள்.